கண் 6/6, ஆனால் கண்ணுக்குப் பின்னால்?

பாடசாலையில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கும்போது சுவரில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு வாசிக்கச் சொல்கிறோம். கடைசிக்கு முதல் வரியை வாசித்துவிட்டால் “6/6, கண் நல்லம்” என்று எழுதி அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறோம். பெரியவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எழுத்துத் தெரிகிறது என்றால் கண்ணில் குறையில்லை, குறை இருந்தால் கண்ணாடி போட்டால் சரி.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் உள்ள ஒரு டீச்சருக்குப் போன வருடம் நடந்ததைப் பார்த்த பிறகு நாங்கள் யாரும் அப்படி நினைப்பதில்லை. அவவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயரையும் ஆஸ்பத்திரியையும் கேட்க வேண்டாம். வாசிப்பவர்களில் யாராவது ஒருவருக்காவது இது தேவைப்படும் என்று அவவே சொன்னதால்தான் நீளமாக எழுதுகிறோம்.

அவவுக்கு வயது 29. இரண்டாவது பிள்ளைக்கு ரெண்டு வயசு. ஒரு வருடத்துக்குள் 11 கிலோ கூடியிருந்தது. முகத்தில் பருவுக்கு நாலு மாதமாக டொக்சிசைக்கிளின் கெப்சூல் குடித்து வந்தா. ஒரு முறை எழுதிக் கொடுத்த துண்டை வைத்து பார்மசியில் திரும்பத் திரும்ப வாங்கியது. இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் வந்தது தலையிடி. காலையில் எழும்பும்போதே இருக்கும், குனிந்தால் கூடும், இருமினால் கூடும். பிறகு ஒரு நாள் சொன்னா, சுஜூதிலிருந்து எழும்பும்போது ரெண்டு கண்ணும் நாலைந்து செக்கன் இருண்டு போய் திரும்ப வருகிறது என்று. கீழே விழுந்த சோக்கட்டியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தாலும் அப்படித்தான். இரவில் தலையணையில் தலை வைத்தால் காதுக்குள் “உஸ்… உஸ்…” என்று ஒரு சத்தம். நாடியைப் பிடித்துப் பார்த்தால் நாடித் துடிப்போடு சேர்ந்து அந்தச் சத்தம் கேட்கிறது. கடைசியாக, வகுப்பின் பின்பக்கத்தில் நின்று கரும்பலகையைப் பார்த்தால் எழுத்து ரெண்டு ரெண்டாக, பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறது. கிட்ட வந்தால் ஒன்றாகிவிடும்.

கண்ணாடிக் கடையில் வாசிக்கச் சொன்னார்கள். ரெண்டு கண்ணும் 6/6. சின்னப் பவரில் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். ரெண்டு மாதத்தில் இன்னொரு கடை, இன்னொரு கண்ணாடி. ஓ.பி.டி.யில் மைக்ரேன் என்று எழுதினார்கள். தினமும் பனடோல். “டீச்சர் வேலை, ரெண்டு புள்ள, தூக்கமில்ல, தலையிடிக்காம என்ன செய்யும்?” என்று மாமியார் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

ஐந்தாவது மாதத்தில் கண் கிளினிக்குக்குப் போனபோது ஓர் இளம் டொக்டர் சொட்டு மருந்து விட்டு, அரை மணித்தியாலம் இருக்க வைத்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வலது கண்ணைப் பார்த்தார், இடதைப் பார்த்தார், திரும்ப வலதைப் பார்த்தார். பேசாமல் எழும்பிப்போய் பெரிய டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று பின்னேரம் டீச்சர் வார்டில் இருந்தா.

அந்த டொக்டர் என்னத்தைக் கண்டார்? இதைத்தான் சொல்ல வந்தோம்.

தரம் 8, 9 விஞ்ஞானத்தில் கண்ணின் படம் வரைந்தது ஞாபகம் இருக்கும். பின்பக்கத்தில் விழித்திரை, அதிலிருந்து வெளியே போகும் பார்வை நரம்பு. அந்த நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் ஒரு சின்ன வட்டம். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு நார்கள் அந்த வட்டத்துக்குள் கூடித்தான் மூளைக்குப் போகின்றன. அதைப் பார்வைத் தட்டு என்கிறார்கள். அந்த இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை, அதனால்தான் அது குருட்டுப்புள்ளி. இப்போதே பார்க்கலாம்: ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு சிலுவை, அதிலிருந்து 8 சென்ரிமீற்றர் வலப்பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் சிலுவையை மட்டும் பார்த்தபடி தாளை ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் தூரத்தில் முன்னும் பின்னும் அசையுங்கள். ஓரிடத்தில் புள்ளி காணாமல் போகும். உங்கள் பார்வைத் தட்டு இருக்கும் இடம் அதுதான். (இது விளையாட்டுக்கு, வருத்தம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அல்ல.)

ஒரு மனிதன் உயிரோடு இருக்கும்போது வெட்டாமல், குத்தாமல் ஒரு நரம்பை நேரடியாகக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் அது. 1851 இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை வெளியிட்டார். அதற்கு முன்பு கண்மணி எல்லோருக்கும் வெறும் கறுப்பு ஓட்டைதான். பத்து வருடம் போவதற்குள், 1860 இல், ஃபொன் கிரேஃப என்ற கண் மருத்துவர் மூளையில் கட்டி உள்ளவர்களின் கண்ணுக்குள் இந்தத் தட்டு வீங்கியிருப்பதை எழுதிவிட்டார்.

மூளையில் கட்டி என்றால் கண் ஏன் வீங்க வேண்டும்? எங்களுக்கும் முதலில் விளங்கவில்லை. விளங்கியது இப்படி. மூளையைச் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் மூளைய முண்ணாண் பாய்பொருள் என்று பெயர். பெரியவர் ஒருவரிடம் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர்தான் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லீற்றர் புதிதாகச் சுரக்கிறது, அதே அளவு இரத்தத்துக்குள் வடிந்துவிடுகிறது. மண்டையோடு எலும்பு, விரியாது. நீர் வடிவது குறைந்தாலோ, உள்ளே ஒரு கட்டி இடம் பிடித்தாலோ, இரத்தம் கசிந்தாலோ அமுக்கம் ஏறும். மூளையை மூடியிருக்கும் உறைகள் பார்வை நரம்பையும் ஒரு குழாய் போலச் சுற்றிக்கொண்டு கண்ணின் பின்பக்கம் வரை வருகின்றன, அந்த நீரும் கூடவே வருகிறது. அதனால் தலைக்குள் அமுக்கம் ஏறினால் அது நரம்பு வழியே கண்ணின் முதுகுக்கு வந்து சேர்ந்துவிடும்.

அங்கே நடப்பது வாய்க்கால் அடைபடுவது போலத்தான். நரம்பு நார் ஒவ்வொன்றும் வெறும் வயர் அல்ல. கண்ணிலுள்ள கலம் தன் நாருக்குத் தேவையான சாமான்களை அதற்குள்ளேயே மெதுவாக மூளைப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கும். கண்ணின் பின்சுவரில் அரிதட்டு மாதிரி ஓட்டையுள்ள ஒரு தகடு உண்டு, நார்கள் அதனூடாகத்தான் வெளியே போகின்றன. தகட்டுக்கு வெளியே அமுக்கம் ஏறும்போது அந்த ஓட்டம் தடைப்படுகிறது. வயலில் வாய்க்காலை அடைத்தால் மேல்பக்கம் நீர் தேங்கி வரம்பு உப்புமே, அப்படித் தகட்டுக்கு உள்பக்கம், அதாவது கண்ணுக்குள், நார்கள் உப்புகின்றன. தலையிலுள்ள நீர் கண்ணுக்குள் வடிந்துவிட்டது என்று சிலர் நினைப்பார்கள். அது பிழை. வீங்குவது நார்களேதான். இந்தியாவில் பிறந்த சோகன் சிங் ஹைரே என்ற கண் மருத்துவ ஆராய்ச்சியாளர் 1960களில் குரங்குகளில் இதைச் சோதித்தார். நரம்பைச் சுற்றியுள்ள உறையைத் திறந்து அமுக்கத்தை விட்டால் வீக்கமும் இறங்கியது.

இப்போது அந்த இளம் டொக்டர் பார்த்ததற்கு வருவோம். நல்ல தட்டு என்றால் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த வட்டம், ஓரம் பென்சிலால் கீறியது போல் தெளிவாக இருக்கும். நடுவில் சின்னக் குழி. அதிலிருந்து இரத்தக் குழாய்கள் மரக்கிளை மாதிரிப் பிரிந்து போகும். பெரும்பாலானவர்களுக்கு நடுவிலுள்ள நாளம் மெதுவாகத் துடிப்பதும் தெரியும். அமுக்கம் ஏறத் தொடங்கும்போது முதலில் அந்த ஓரம் மங்குகிறது. மூக்குப் பக்கமும் மேலும் கீழும் முதலில், காதுப் பக்கம் கடைசியில். நிலவைச் சுற்றி வட்டம் கட்டியது போல தட்டைச் சுற்றி ஒரு மங்கல் வளையம். கூடினால் தட்டு முன்னுக்குத் தள்ளி வரும், நாளங்கள் தடிக்கும், தட்டை விட்டு வெளியேறும் இடத்தில் இரத்தக் குழாய்களே வீக்கத்துக்குள் புதைந்து துண்டு துண்டாகத் தெரியும். இன்னும் கூடினால் தட்டின் மேலேயே குழாய்கள் மறையும். இதை ஃப்ரிசென் என்ற மருத்துவரின் அளவில் 0 முதல் 5 வரை எழுதுகிறார்கள். டீச்சருக்கு ரெண்டு கண்ணிலும் 3. இடது கண்ணில் தட்டின் ஓரத்தில் தீச்சுவாலை மாதிரி ரெண்டு மூன்று சின்ன இரத்தக் கீறலும் இருந்தது.

தலைக்குள் அமுக்கம் ஏறியதால் வந்த இந்த வீக்கத்துக்கு மட்டும்தான் பப்பிலெடீமா என்ற பெயர். வேறு காரணத்தாலும் தட்டு வீங்கலாம், அதற்குப் பெயர் வேறு, வைத்தியம் வேறு. அதனால்தான் வார்டுக்கு அனுப்ப முன்பே, முதல் வேலையாகப் பிரஷரை அளந்தார்கள். பிரஷர் மிக அதிகமாக ஏறினாலும் ரெண்டு தட்டும் இப்படியே வீங்கும். இவவுக்கு 120/80.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி, நாங்களும் கேட்டது: இவ்வளவு வீக்கம் இருந்தும் 6/6 எப்படி வாசித்தா? எழுத்தை வாசிப்பது பார்வையின் நடுப்பகுதி. பப்பிலெடீமா முதலில் தின்பது ஓரத்தை. குருட்டுப்புள்ளி பெரிதாகும், பிறகு கீழ்ப்பக்கத்தில் மூக்கோரம் குறையும், பிறகு சுற்றிவரச் சுருங்கும். நடு கடைசியில்தான் போகும். நடுவும் போய்விட்ட பிறகு திரும்ப எடுப்பது கஷ்டம். அதனால் எழுத்து அட்டையும் கண்ணின் பின்பக்கத்தைப் பார்ப்பதும் ரெண்டு வேறு சோதனை. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. கண்ணாடிக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த விஷயத்தில் குறை இருக்கவில்லை. ஆனால் நாலைந்து செக்கன் கண் இருளுகிறது என்று சொன்ன ஆளுக்கு ரெண்டு தடவை கண்ணாடி கொடுத்தது எங்களுக்கு இன்னும் மனதுக்குச் சரிப்படவில்லை.

ரெண்டு ரெண்டாகத் தெரிந்ததும் அதே அமுக்கத்தால்தான். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு தலைக்குள் நீண்ட தூரம் போகிறது. அமுக்கம் ஏறும்போது அது இழுபட்டுச் சோர்ந்து போகும். தூரத்தைப் பார்க்கும்போதுதான் ரெண்டு கண்ணும் சரியாக வெளிப்பக்கம் விரிய வேண்டும், அதனால் கரும்பலகை ரெண்டாகவும் கையிலுள்ள புத்தகம் ஒன்றாகவும் தெரிந்தது.

அன்றிரவே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை, இரத்தக் கசிவு இல்லை, நீர் தேங்கி மூளை அறைகள் விரியவும் இல்லை. மறுநாள் மருந்து ஏற்றி மூளையின் நாளங்களையும் படம் எடுத்தார்கள், அவற்றில் இரத்தம் உறைந்து அடைபட்டாலும் இதே வீக்கம் வரும் என்பதால். அதுவும் இல்லை.

குழப்பம் அங்கேதான் தொடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். “ஸ்கேன்ல ஒண்டுமில்லதானே, பொறகு ஏன் புள்ளய வெச்சிரிக்காங்க? துண்ட வெட்டிக்கிட்டு வருவம்” என்று பெரிய காக்கா நின்றார். டொக்டர்கள் அடுத்ததாக முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று சொன்னதும் வீடே எழும்பிவிட்டது. “முதுகுல ஊசி குத்தினா கால் வராமப் போயிரும்” என்று உம்மா அழுதா. மூன்று நாள் கையெழுத்து வைக்கவில்லை.

அந்த மூன்று நாளும் வீக்கம் குறையாமல் அப்படியே இருந்தது. ஸ்கேன் சுத்தம் என்பதால் தட்டு சுத்தமாகிவிடாது. கண்ணுக்குள் தெரிந்த வீக்கம் ஒரு சாட்சி. தலைக்குள் அமுக்கம் இருக்கிறது என்று அது சொல்லிவிட்டது. ஸ்கேன் சொன்னது, அந்த அமுக்கம் கட்டியாலோ அடைப்பாலோ வரவில்லை என்பதை மட்டும்தான். அமுக்கம் எவ்வளவு என்று அறிய அளந்துதான் பார்க்க வேண்டும்.

கடைசியில் வார்டிலிருந்த ஒரு தாதி உம்மாவுக்குப் படம் கீறிக் காட்டினா. முண்ணாண் இடுப்புக்கு மேலேயே, முதலாவது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு அருகில் முடிந்துவிடுகிறது. ஊசி போகும் இடம் அதற்கும் கீழே. அங்கே முண்ணாண் இல்லை, நீருக்குள் மிதக்கும் நரம்பு இழைகள்தான், அவை ஊசிக்கு விலகிக்கொடுக்கும். சில பேருக்குப் பிறகு சில நாள் தலையிடிக்கும், இருந்தால் கூடும் படுத்தால் குறையும், முதுகு நோகும். கால் போவது என்பது ஊர்ப் பேச்சு. ஊசிக்கு முன்பு ஸ்கேன் எடுப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு: உள்ளே பெரிய கட்டி இருக்கும்போது கீழே நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கி இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் முதலில் ஸ்கேன், பிறகு ஊசி. அந்த ஒழுங்கு தெரிந்திருந்தால் “ஸ்கேன் எடுத்தாச்சே, ஊசி எதற்கு” என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நாலாம் நாள் காலையில் சரித்துப் படுக்க வைத்து ஊசி போட்டு, கண்ணாடிக் குழாயில் நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்தார்கள். பெரியவர்களுக்கு 25 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் அதிகம். இவவுக்கு 36. நீரைச் சோதித்ததில் கிருமி எதுவும் இல்லை. காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாமல் அமுக்கம் மட்டும் கூடியிருக்கும் இந்த வருத்தம் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு, அதிலும் அண்மையில் நிறை கூடியவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறதாம். டொக்சிசைக்கிளின், மினோசைக்கிளின் போன்ற அதே குடும்ப மருந்துகளும், பருவுக்குக் கொடுக்கும் விற்றமின் ஏ வகை மருந்துகளும் இதைக் கொண்டுவரலாம். டீச்சரிடம் நிறையும் இருந்தது, கெப்சூலும் இருந்தது. இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஏலாது என்றார் பெரிய டொக்டர். கெப்சூலை அன்றே நிறுத்தினார்கள்.

பிறகு பார்வைப் புலச் சோதனை. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுவை மட்டும் பார்த்தபடி, ஓரத்தில் சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ரெண்டு கண்ணிலும் குருட்டுப்புள்ளி பெரிதாகியிருந்தது. இடது கண்ணில் கீழ்ப்பக்கம் மூக்கோரத்தில் ஒரு துண்டு இல்லை. அவவுக்கே அது தெரிந்திருக்கவில்லை. காரணம், இடது கண் மூக்குப் பக்கமாகப் பார்க்கும் இடத்தை வலது கண்ணும் பார்க்கிறது. ரெண்டும் திறந்திருக்கும் வரை ஒன்றின் ஓட்டையை மற்றது மூடிவிடும். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்த அன்றுதான் அவ அழுதா.

வைத்தியம் ரெண்டு. ஒன்று அசெட்டசோலமைட் என்ற குளிசை, அது நீர் சுரப்பதைக் குறைக்கும். விரல் நுனி விறுவிறுக்கும், சோடா குடித்தால் வாய்க்குச் சப்பென்று இருக்கும், ஆனால் பழகிவிடும். மற்றது நிறை குறைத்தல். வட அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், பார்வை இலேசாகக் குறைந்தவர்களுக்கு உணவுக் கட்டுப்பாட்டோடு இந்தக் குளிசையும் சேர்த்துக் கொடுத்தபோது, உணவுக் கட்டுப்பாடு மட்டும் செய்தவர்களை விடப் பார்வைப் புலம் கூடுதலாகத் திருந்தியது. டீச்சர் சோற்றைப் பாதியாக்கி, பின்னேரம் பிள்ளையோடு நடந்து, ஆறு மாதத்தில் 8 கிலோ இறக்கினா. பார்வை வேகமாகக் குறைந்துகொண்டு போகிறவர்களுக்குக் காத்திருக்கமாட்டார்கள். நீரை வயிற்றுக்குத் திருப்பும் குழாய் வைப்பார்கள், அல்லது நரம்பின் உறையில் சின்ன ஜன்னல் திறப்பார்கள்.

ஆறாம் மாதம் பார்த்தபோது ரெண்டு தட்டும் தட்டையாகிவிட்டது. இதிலும் ஒரு விஷயம். தட்டு தட்டையானால் குணமாகிவிட்டது என்று எப்போதும் அர்த்தமல்ல. நார்கள் செத்துப்போனாலும் வீக்கம் இறங்கும், செத்த நாருக்கு வீங்க வழியில்லை. அப்போது தட்டு வெளிறிக் கிடக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் தட்டைப் பார்ப்பதோடு பார்வைப் புலத்தையும் எடுக்கிறார்கள், நார்ப் படையின் தடிப்பையும் ஒளியால் அளக்கிறார்கள். டீச்சரின் வலது கண் முழுசாகத் திரும்பியது. இடது கண்ணில் அந்தக் கீழ்மூலை திரும்பவில்லை. இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். தலையிடி இல்லை, சத்தம் இல்லை, சுஜூதிலிருந்து எழும்பினால் கண் இருளுவதில்லை. குளிசை குறைந்துகொண்டு வருகிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். தட்டு வீங்கியது போலத் தெரிந்து வீங்காமலே இருப்பவர்களும் உண்டு. சிலருக்குப் பிறப்பிலேயே தட்டு சின்னதாக நெருக்கியிருக்கும், சிலருக்குத் தட்டுக்குள் சுண்ணாம்புக் கட்டிகள் புதைந்திருக்கும். அவற்றை ஸ்கேனிலும் படத்திலும் பிரித்துப் பார்க்கலாம். அதனால் “தட்டு வீங்கியிருக்கு” என்று சொன்னவுடனே கட்டிதான் என்று வீட்டில் மையத்து வீடு மாதிரி அழ வேண்டாம். அதேபோல் தட்டு நல்லாயிருக்கிறது என்பதால் தலைக்குள் ஒன்றுமில்லை என்றும் ஆகாது. அமுக்கம் ஏறி வீக்கம் தெரிய ஒரு நாளோ சில நாளோ எடுக்கும். இன்று விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளையின் கண் நாளைக்கும் நல்லதாகவே தெரியலாம். அடிபட்டவர்களுக்குக் கண்மணியின் அளவைத்தான் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதனால் அவர்களுக்குச் சொட்டு விடமாட்டார்கள்.

ஆசிரியர்கள் என்ற முறையில் எங்களுக்கு இதில் பெண்களை விடப் பிள்ளைகளைப் பற்றித்தான் பயம். காலையில் தலையிடியோடு எழும்பி, சத்தியெடுத்து, எடுத்த பிறகு சுகமாகிப் பாடசாலைக்கு வரும் பிள்ளை. புதிதாகக் கண் உள்பக்கம் சரிந்த பிள்ளை. கரும்பலகையைத் தலையைச் சரித்துப் பார்க்கும் பிள்ளை, நேராக நடந்தவன் சுவரைப் பிடித்து நடந்தால். இப்படி ஒன்றைக் கண்டால் எங்கள் வகுப்பாசிரியர்கள் இனி “படிக்க விருப்பமில்லை” என்று எழுதமாட்டார்கள், பெற்றோரைக் கூப்பிடுவார்கள். நீங்களும் ஆஸ்பத்திரியில் சொல்லும்போது தலையிடி என்று மட்டும் சொல்லாதீர்கள். குனிந்தால் கூடுகிறதா, கண் சில செக்கன் இருளுகிறதா, காதில் துடிப்புச் சத்தம் கேட்கிறதா, ரெண்டாகத் தெரிகிறதா என்பதையும், என்னென்ன மருந்து குடிக்கிறோம் என்பதையும் (பருவுக்குக் குடித்தால் அதையும்) சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: “டொக்டர், கண்ணுக்குப் பின்னால பாத்தீங்களா?”

கைக்கருவியால் பார்க்கும்போது டொக்டரின் முகம் நோயாளியின் முகத்துக்கு மிகக் கிட்ட வரும், அறையும் இருட்டாக இருக்கும். பெண்பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருந்தால் ஒருவர் பக்கத்தில் நிற்கலாம், யாரும் மறுப்பதில்லை. மேசைக் கருவியில் வைத்துப் பார்த்தால் இடையில் லென்ஸ் இருப்பதால் அவ்வளவு கிட்ட வரவேண்டியதில்லை. சொட்டு விட்ட பிறகு நாலைந்து மணித்தியாலம் கிட்டத்தில் எழுத்துத் தெரியாது, வெயில் கூசும். மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகாதீர்கள், ஓட்டிக்கொண்டு வர ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.